கடையில் இருக்கும் கேமராவைப் புகைப்படத்தில் அடையாளம் கண்டு, அதற்குப் பொருந்தும் ரெக்கார்டரைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கடை மாற்றும்போதும், பழைய கேமராவைக் கைமாற்றாக வாங்கும்போதும், ரெக்கார்டர் பழுதாகும்போதும் என்னிடம் வாட்ஸ்அப்பில் புகைப்படம் அனுப்பிக் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மேலே உள்ள பதில்கள் கீழே உள்ளவற்றுக்குத் தேவைப்படும் என்பதால், முதல் ஐந்தாறு கேள்விகளையாவது வரிசையாகப் படிப்பது நல்லது.

அண்ணா, கேமரா போட்டோ அனுப்பியிருக்கேன், இது என்ன கேமரான்னு பார்த்துச் சொல்லுங்க.

வரும் படங்களில் பத்துக்கு ஒன்பது கேமராவின் முகத்தைத்தான் காட்டுகின்றன. முகத்தை வைத்துச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. குழல் வடிவில் இருந்தால் புல்லட், கூரையில் கவிழ்ந்த கிண்ணம்போல் இருந்தால் டோம் என்பது தெரியும். லென்ஸைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருந்தால் இரவிலும் பார்க்கும் என்பது தெரியும். ஒரே நிறுவனம் ஒரே கூட்டுக்குள் அனலாக் கேமராவையும் ஐபி கேமராவையும் வைத்து விற்கிறது என்பதால், எந்த ரெக்கார்டருடன் சேரும் என்ற முக்கியமான கேள்விக்கு முகம் விடை தராது.

விடை இருப்பது பின்னால் தொங்கும் வால் ஒயரில். அதன் முனைகளில் ஒன்று வட்டமான மின் இணைப்பு. அது ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் இருக்கும் என்பதால் அதை விட்டுவிடலாம். மற்றொரு முனை, திருகிப் பூட்டும் உலோக பிஎன்சி இணைப்பாக இருந்தால் அது அனலாக் கேமரா. லேன் கேபிள் செருகும் சதுரத் துளையாக இருந்தால் அது ஐபி கேமரா. மின் இணைப்பைத் தவிர வேறு வாலே இல்லாமல், உடலில் மெமரி கார்டு துளை மட்டும் இருந்தால் அது வைஃபை கேமரா. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

அப்போ எதை எதைப் போட்டோ எடுத்து அனுப்பணும்?

மூன்று படங்கள் போதும். முதலாவது, வால் முனைகள் எல்லாம் ஒரே படத்தில் தெரியும்படி. வால் பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சதுர பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் மூடியைக் கழற்றுவதற்கு முன் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, கேமரா உடலில் உள்ள ஸ்டிக்கர். புல்லட்டில் அது அடிப்பக்கத்திலோ, வெயில் மறைப்புத் தகட்டுக்குக் கீழேயோ இருக்கும். டோமில் அடித்தட்டிலோ, கிண்ணத்தைக் கழற்றினால் உட்புறத்திலோ இருக்கும். பிளாஷ் போட்டு எடுத்தால் ஸ்டிக்கர் பளபளத்து எழுத்து மறைந்துவிடும் என்பதால், பிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க எடுங்கள்.

மூன்றாவது, பழைய ரெக்கார்டர் இருந்தால் அதன் பின்பக்கம். முன்பக்கத்தில் நிறுவனப் பெயரும் இரண்டு மூன்று விளக்குகளும்தான் இருக்கும். இணைப்புகளும் மாதிரி எண்ணும் பின்னாலும் அடியிலும்தான் உள்ளன.

டிவிஆர், என்விஆர்னு ரெண்டு சொல்றாங்க, எனக்கு எது வேணும்?

அனலாக் கேமராவுக்கு டிவிஆர், ஐபி கேமராவுக்கு என்விஆர். அனலாக் கேமரா படத்தை மின் அலையாகக் கம்பியில் அனுப்புகிறது; அதை எண்களாக மாற்றிச் சுருக்கிப் பதிவு செய்யும் வேலை டிவிஆருடையது. ஐபி கேமரா அந்த வேலையைத் தன்னுள்ளேயே முடித்துவிட்டு, சுருக்கிய படத்தை நெட்வொர்க் வழியாக அனுப்புகிறது. என்விஆர் அதை வாங்கிச் சேமிக்கிறது.

பின்பக்கப் படத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. வரிசையாக நான்கு அல்லது எட்டு பிஎன்சி துளைகள் இருந்தால் டிவிஆர். பிஎன்சியே இல்லாமல் லேன் துளைகள் மட்டும் இருந்தால் என்விஆர். டிவிஆரிலும் ஒற்றை லேன் துளை இருக்கும். அது ரூட்டருக்குப் போக வேண்டியது. ஐபி கேமராவின் கேபிளை நேராக அதில் செருகிவிட்டு 'படம் வரவில்லை' என்பவர்கள் நிறையப் பேர். லேன் துளைகள் நான்கோ எட்டோ சேர்ந்து இருக்கும் என்விஆர், பிஓஇ வசதி உள்ளது. அதில் படம் வரும் லேன் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் போய்விடும். ஒரே லேன் துளை உள்ள என்விஆர் என்றால், கேமராக்களை இணைக்கத் தனியாக ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வாங்க வேண்டியிருக்கும்.

ஸ்டிக்கர்ல IP67ன்னு தெளிவா போட்டிருக்கு. அப்போ இது ஐபி கேமராதானே?

இல்லை. அந்த எழுத்துகளை ஒட்டி இரண்டு இலக்க எண் வந்தால், அது தூசியையும் நீரையும் கேமராவின் கூடு எவ்வளவு தடுக்கும் என்பதற்கான தர எண். 67 என்றால் தூசி புகாது, சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும். 66 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும். அனலாக் புல்லட் கேமராக்களிலும் இதே எண் அச்சாகியிருக்கும். இதை நம்பி என்விஆர் வாங்கிவந்து, திருப்பித் தர முடியாமல் வைத்திருக்கும் கடைகள் நம் ஊரிலேயே உண்டு.

ஸ்டிக்கரில் தேட வேண்டியது MAC என்ற சொல்லையும், அதன் பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த வரிசையையும். நெட்வொர்க்கில் சேரும் சாதனத்துக்கு மட்டுமே அது தேவை. அது இருந்தால், வால் படம் இல்லாமலேயே ஐபி கேமரா என்று முடிவு செய்யலாம். மின்சார வரியில் `DC 12V` என்பதோடு `PoE` என்றும் இருந்தால் அதுவும் அதே முடிவைத்தான் சொல்கிறது.

மாடல் நம்பர் நீளமா இருக்கு, அதுல எதைப் பார்க்கணும்?

முன்னெழுத்துகள் எந்த இனம் என்பதைச் சொல்லும். நடுவில் இருப்பவை எத்தனை மெகாபிக்சல் என்பதைச் சொல்லும். சேலம் கடைகளில் அதிகம் கண்ணில்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: `DS-2CE16D0T-IRP`. இது ஹைக்விஷன் மாதிரி எண். `2CE` என்றால் அனலாக். அதே இடத்தில் `2CD` இருந்தால் ஐபி. ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால், மங்கலான படத்தில் இந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அடுத்துள்ள `16` புல்லட் வடிவத்தையும், `56` இருந்தால் டோம் வடிவத்தையும் குறிக்கும். `D0T` என்பது 2 மெகாபிக்சல். `C0T` என்றால் 1 மெகாபிக்சல், `H0T` என்றால் 5 மெகாபிக்சல். கடைசியில் `F` என்ற எழுத்து சேர்ந்திருந்தால், பல அனலாக் முறைகளுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா என்று பொருள். அது ஏன் முக்கியம் என்பது இரண்டு கேள்விகளுக்குப் பிறகு வருகிறது.

தாஹுவாவில் `HAC` என்று தொடங்கினால் அனலாக், `IPC` என்று தொடங்கினால் ஐபி. சிபி பிளஸ்ஸில் `CP-UNC` என்று தொடங்குவது ஐபி கேமரா. அந்நிறுவனத்தின் `CP-UVR` டிவிஆர், `CP-UNR` என்விஆர். ஹைக்விஷன் ரெக்கார்டரில் எண்களுக்குப் பிறகு `HGHI`, `HQHI`, `HUHI` என்று வந்தால் டிவிஆர்; `NI` என்று வந்தால் என்விஆர். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மாதிரி எண்ணை முழுமையாக, கோடுகளோடு தேடுபொறியில் தட்டினால் நிறுவனத்தின் விவரத்தாள் கிடைக்கும். கடைசி எழுத்துகளை விட்டுவிட்டுத் தேடினால் வேறு கேமராவின் தாள் கிடைத்துவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஸ்டிக்கர் வெயில்ல வெளுத்துப் போச்சு, ஒண்ணும் தெரியலைங்க. இப்போ என்ன பண்றது?

மாதிரி எண் அழிந்திருந்தாலும், சில நேரம் இந்தியத் தரநிலை முத்திரைக்கு அருகே `IS 13252` என்பதும் `R-` என்று தொடங்கும் பதிவு எண்ணும் தப்பியிருக்கும். அந்தப் பதிவு எண்ணை, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் `BIS Care` செயலியில் இட்டால், கேமராவைத் தயாரித்த நிறுவனமும் வணிகப் பெயரும் தெரியவரும். பெயரில்லாத கேமராவின் பூர்வீகம் இப்படித்தான் பலமுறை பிடிபடுகிறது.

அதுவும் இல்லையென்றால் படத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பிஎன்சி வால் உள்ள கேமராவை, எல்லா அனலாக் முறைகளையும் ஏற்கும் புதிய டிவிஆர் ஒன்றில் மாட்டினால், டிவிஆர் தானாகவே முறையைக் கண்டுபிடித்து, கேமரா தரும் தெளிவளவைத் திரையில் சில விநாடிகள் காட்டும். லேன் வால் உள்ள கேமராவை ரூட்டரில் இணைத்து, அந்தந்த நிறுவனத்தின் தேடும் மென்பொருளைக் கணினியில் ஓட்டினால் மாதிரி எண்ணே பட்டியலில் வந்துவிடும். ஹைக்விஷனுக்கு அது `SADP`, தாஹுவாவுக்கு `ConfigTool`. ஸ்டிக்கரைவிட இந்தப் பட்டியலைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

வால்ல பிஎன்சி இருக்கு. அப்போ எந்த டிவிஆர் வாங்கினாலும் ஓடுமா?

துளை பொருந்தும், படம் வரும் என்பதற்கு உறுதியில்லை. பிஎன்சி கம்பியில் உயர் தெளிவுப் படத்தை அனுப்ப மூன்று முறைகள் வந்தன. ஹைக்விஷன் பக்கம் டிவிஐ, தாஹுவா பக்கம் சிவிஐ, பெயரில்லாத கேமராக்களில் பரவலாக ஏஹெச்டி. இவற்றுக்கு முன்பிருந்த சாதாரண அனலாக் முறையின் பெயர் சிவிபிஎஸ். பழைய டிவிஆர்கள் தம் நிறுவனத்தின் முறையையும் சிவிபிஎஸ்ஸையும் மட்டுமே ஏற்கும். பின்னர் வந்த டிவிஆர்கள் பெரும்பாலும் நான்கையும் ஏற்கின்றன. அதோடு ஐபியையும் சேர்த்து எண்ணுவதால்தான் பெட்டியில் `5 in 1` என்று அச்சிடுகிறார்கள்.

கேமரா பக்கத்திலும் இதேபோல் இருவகை உண்டு. ஒரே முறையில் மட்டும் அனுப்புபவை ஒரு வகை. மற்றவை நான்குக்கும் மாறக்கூடியவை. இவற்றின் வால் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறு பொத்தானோ, நகர்த்தும் குமிழோ இருக்கும். படத்தில் அந்தப் பொத்தான் தெரிந்தால் பாதி கவலை தீர்ந்தது. அதை ஒரு திசையில் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முறை மாறும். எந்தத் திசைக்கு எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒவ்வொன்றாக மாற்றிப் படம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முறை பொருந்தாதபோது திரையில் `NO VIDEO` அல்லது `Video Loss` என்று வரும். சில இணைகளில் நிறமில்லாமல், கிழிந்து ஓடும் படம் வரும். ஓடும் படம் வந்தால் கேமராவும் கேபிளும் நலம், முறைதான் தவறு என்று கொள்ளலாம். படம் ஒழுங்காக வந்து, ஆனால் பழைய தொலைக்காட்சிபோல் மங்கலாக இருந்தால், கேமரா சிவிபிஎஸ்ஸில் நிற்கிறது. பொத்தானை அழுத்தி மாற்றினால் தெளிந்துவிடும்.

என்கிட்ட 5 மெகாபிக்சல் கேமரா இருக்கு. 2 மெகாபிக்சல் டிவிஆர்ல போட்டா, 2 அளவுக்காவது பதிவாகாதா?

பொதுவாக ஆகாது. டிவிஆரின் உள்ளீட்டுப் பகுதி அந்த அலையைப் புரிந்துகொள்ளாவிட்டால், தெளிவைக் குறைத்துக் காட்டாது, ஒன்றுமே காட்டாது. ஆகவே டிவிஆர் தாங்கும் உச்ச அளவு, கேமராக்களிலேயே பெரியதன் அளவுக்காவது இருக்க வேண்டும். தலைகீழாக, 2 மெகாபிக்சல் கேமராவை 5 மெகாபிக்சல் டிவிஆரில் மாட்டுவதில் எந்தத் தொல்லையும் இல்லை. மாறக்கூடிய சில 5 மெகாபிக்சல் கேமராக்களில், அதே பொத்தான் வழியாக 2 மெகாபிக்சலுக்கு இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. விவரத்தாளின் வெளியீட்டு வரியில், 2 மெகாபிக்சலைக் குறிக்கும் 1080p என்பதும் இருந்தால் அது சாத்தியம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் `Lite` என்ற சிறு சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். `1080P Lite` என்றால் அகலத்தில் பாதிப் புள்ளிகளைத்தான் பதிவு செய்யும்: 1920-க்குப் பதிலாக 960. நேரலையில் பளிச்சென்று தெரியும் முகம், பதிவை ஓட்டிப் பெரிதாக்கும்போது கரைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கல்லாவில் கை வைப்பவரைப் பார்க்க இது போதும். வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணைப் படிக்கப் போதாது.

எங்க கடையில லேன் ஒயர்தான் ஓடுது, ஆனா டிவிஆர் இருக்கு. இது எப்படி?

கேமராவின் பிஎன்சி முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிறு பச்சை அல்லது கறுப்புத் துண்டு மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பெயர் பேலன். லேன் கேபிளின் உள்ளே உள்ள நான்கு முறுக்கு இணைகளில் ஒன்றின் வழியாக அனலாக் படத்தை அனுப்ப அது உதவுகிறது. டிவிஆர் பக்கத்திலும் அதன் இணை ஒன்று இருக்கும். கேமரா அனலாக், ஒயர் மட்டும் லேன் ஒயர்.

ஆகவே சுவரில் ஓடும் கேபிளின் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கேமராவின் சொந்த வால் முனைதான் சாட்சி. இதில் ஒரு நன்மையும் உண்டு: நாளைக்கு ஐபி கேமராவுக்கு மாறினால், பேலன்களைக் கழற்றிவிட்டு அதே கேபிளின் இரு முனையிலும் லேன் பின் அடித்துப் பயன்படுத்தலாம். பிஎன்சிக்கென்றே வரும் 3+1 கேபிள் ஓடியிருந்தால் அது இயலாது.

செவ்வாய்ப்பேட்டையில புதுசா கடை எடுத்திருக்கேன். பழைய ஆள் மூணு கேமராவை விட்டுட்டு டிவிஆரை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாரு. என்ன வாங்கணும்?

இதை அனுப்பியவர் ஒரு மளிகைக் கடைக்காரர். முதலில் மூன்று முகப் படங்கள் வந்தன. மூன்றும் ஒன்றுபோலவே வெள்ளை நிறத்தில் இருந்ததால், 'நான்கு சேனல், 2 மெகாபிக்சல் டிவிஆர் போதும்' என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். வால் படங்களைக் கேட்டு வாங்கியதும் கதை மாறியது.

கல்லாவுக்கு மேலிருந்த டோமில் பிஎன்சி வால். ஸ்டிக்கரில் `DS-2CE56D0T-IRP` என்று படிக்க முடிந்தது. எனவே 2 மெகாபிக்சல் அனலாக், டிவிஐ முறை. வாசல் புல்லட்டிலும் பிஎன்சி, வால் நடுவில் பொத்தான்; தெரு வெயிலில் ஸ்டிக்கர் வெளுத்து, `5MP` என்பதும் `12V` என்பதும் மட்டும் எஞ்சியிருந்தன. நிறுவனம் தெரியாவிட்டாலும், முறை மாறக்கூடிய 5 மெகாபிக்சல் அனலாக் என்பது போதுமான செய்தி. கிடங்கில் இருந்ததில் லேன் வால், ஸ்டிக்கரில் MAC வரி, ஐபி கேமரா. அதன் கேபிள் முன்பு ரூட்டர் இருந்த மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதாவது பழைய டிவிஆர் இரண்டு கேமராவைப் பிஎன்சியிலும் ஒன்றை நெட்வொர்க்கிலும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் விவரத்தாளில் சரிபார்க்க வேண்டியிருந்தவை மூன்று வரிகள். அனலாக் உள்ளீடு என்ற வரியில் டிவிஐ உட்பட எல்லா முறைகளும், 5 மெகாபிக்சலும் இருக்க வேண்டும். ஐபி உள்ளீடு என்ற வரியில் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். அல்லது பயன்படாத அனலாக் சேனலை ஐபியாக மாற்றலாம் என்றாவது இருக்க வேண்டும். பதிவு என்ற வரியில், 5 மெகாபிக்சலை விநாடிக்கு எத்தனை படமாகப் பதிவு செய்யும் என்பது இருக்கும். சிறிய டிவிஆர்களில் அது 25-க்குப் பதிலாக 10 அல்லது 12 ஆக இருக்கும். ஆட்கள் நடந்து வரும் கடை வாசலுக்கு அது போதும் என்பது என் கருத்து.

'2 மெகாபிக்சல் டிவிஆரே மலிவு, அதையே வாங்கினால் என்ன?' என்றும் அவர் கேட்டார். வாங்கலாம், ஆனால் வாசல் கேமராவைப் பொத்தானால் 2 மெகாபிக்சலுக்கு இறக்க முடிகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கேமரா வீண். எனவே புல்லட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய், டிவிஆர் விற்கும் கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி, படம் வந்த பிறகு பணம் கொடுக்கச் சொன்னேன். அவர் கடைசியில் வாங்கியது 5 மெகாபிக்சல் தாங்கும் நான்கு சேனல் டிவிஆர். நான்காவது சேனலை ஐபியாக மாற்றி, கிடங்குக் கேமராவை ரூட்டர் வழியாக அதில் சேர்த்தார்.

ஐபி கேமராவை டிவிஆர்லயோ வேற கம்பெனி என்விஆர்லயோ சேர்த்தேன். லிஸ்ட்ல பேர் வருது, படம் வரலை.

பெயர் பட்டியலில் வருவது, இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதைத்தான் காட்டுகிறது. படம் வர மூன்று தடைகள் நீங்க வேண்டும். முதலாவது கடவுச்சொல்: ரெக்கார்டரின் கடவுச்சொல் வேறு, கேமராவின் கடவுச்சொல் வேறு; சேர்க்கும் திரையில் கேட்பது கேமராவினுடையது.

இரண்டாவது, வெவ்வேறு நிறுவனச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் பொது மொழியான ஆன்விஃப். ஹைக்விஷன் ஐபி கேமராக்களில் இது தொடக்கத்தில் அணைந்திருக்கும். கேமராவின் பக்கத்தைக் கணினி உலாவியில் திறந்து, நெட்வொர்க் அமைப்புகளில் `Integration Protocol` என்ற இடத்தில் அதை இயக்கி, அங்கேயே ஆன்விஃபுக்கென்று ஒரு பயனரையும் உருவாக்க வேண்டும். பலர் இயக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். பயனர் இல்லாததால் கதவு திறப்பதில்லை.

மூன்றாவது, படத்தைச் சுருக்கும் முறை. கேமரா `H.265`-இல் அனுப்பி, ரெக்கார்டர் `H.264` மட்டுமே அறிந்த பழையதாக இருந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். கேமராவின் பக்கத்தில் வீடியோ அமைப்பில் `H.264` என்று மாற்றினால் உடனே படம் வரும். பதிலுக்கு ஹார்டு டிஸ்கில் கூடுதல் இடம் பிடிக்கும்.

ஒரு டெராபைட் டிஸ்க் போட்டா எத்தனை நாள் நிக்கும்?

கேமரா விநாடிக்கு எத்தனை மெகாபிட் அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. அந்த எண் ரெக்கார்டரின் பதிவு அமைப்பில் தெரியும். 2 மெகாபிட் என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி; 4 மெகாபிட் என்றால் அதன் இரட்டிப்பு. மேலே சொன்ன மளிகைக் கடையில், இரண்டு கேமரா 2 மெகாபிட்டும் வாசல் கேமரா 4 மெகாபிட்டும் என்று வைத்தால், நாளுக்கு 86 ஜிபி. ஒரு டெராபைட்டில் பதினொரு நாள். இரண்டு டெராபைட்டில் இருபத்து மூன்று நாள். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு செய் என்று வைத்தால் இது நீளும்.

டிஸ்க் வாங்கும் முன், ரெக்கார்டர் தாங்கும் உச்ச அளவையும் விவரத்தாளில் பார்த்துவிடுங்கள்.

பகல்ல நல்லா வருது, ராத்திரியில மட்டும் படம் போயிப் போயி வருது. டிவிஆர் மேட்ச் ஆகலையா?

பகலில் வரும் படம், கேமராவும் ரெக்கார்டரும் பொருந்துகின்றன என்பதற்குச் சான்று. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது; மெல்லிய கம்பியில் நீண்ட தூரம் வரும் 12 வோல்ட் அப்போது சரிந்து, கேமரா அணைந்து அணைந்து எழுகிறது. உறுதி செய்ய ஒரு வழி: பகலில் லென்ஸுக்கு அருகிலுள்ள ஒளி உணரியோடு சேர்த்து முகப்பு முழுவதையும் துணியால் மூடுங்கள். விளக்கு எரிந்ததும் படம் போனால் மின்சாரம்தான் காரணம். அந்தக் கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி அடாப்டர் கொடுத்தால் சரியாகிவிடும். ரெக்கார்டரை மாற்றத் தேவையில்லை.

ஏற்காட்டுல சின்னக் கடை. ரெண்டு ஆன்டெனா வெச்ச கேமரா இருக்கு, வாலே இல்லை. இதை ரெக்கார்டர்ல சேர்க்க முடியுமா?

ஆன்டெனாவின் எண்ணிக்கை எதையும் சொல்லாது. கேமராவின் செயலியைத் திறந்து, அமைப்புகளில் ஆன்விஃப் அல்லது `RTSP` என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கேமராவும் என்விஆரும் ஒரே ரூட்டரில் சேர்ந்திருக்கும்வரை மேலே சொன்ன முறையில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் அது தன் மெமரி கார்டிலும் தன் நிறுவனத்தின் இணையச் சேமிப்பிலும் மட்டுமே பதியும். பொதுவாக வேறு நிறுவன என்விஆர் எதுவும் அதைத் தொட முடியாது. உடலில் சிம் கார்டு துளை இருந்தால், அது மொபைல் இணைப்பில் ஓடுவது. ரூட்டரே இல்லாத இடத்தில் ரெக்கார்டர் வாங்கிப் பயனில்லை.

கடையும் ரெக்கார்டரும் ஒரே கட்டடத்தில் இருந்தால், கம்பி உள்ள கேமராவையே நான் சொல்வேன். மலையில் கருங்கல் சுவர் கட்டடங்களில் வைஃபை ஒரு அறை தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. பதிவில் இடைவெளி விழுவது அப்புறம்தான் தெரியும்.

சிவப்பு லைட் மின்னிட்டே இருக்கு, அது நிஜ கேமராதானே?

பெரும்பாலும் இல்லை. பேட்டரியில் ஓடும் பொம்மைக் கேமராக்கள்தாம் கவனத்தை ஈர்க்கும்படி மின்னும். உண்மையான இரவுக் கேமராவின் விளக்குகள் மங்கலான செந்நிறத்தில், சீராக, இருட்டில் மட்டும் தெரியும். கண்ணுக்கே தெரியாத வகையும் உண்டு. வால் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

பழைய ஐபி கேமரா ரெண்டு மலிவா கிடைக்குது. போட்டோவுல எல்லாம் சரியா இருக்கு, வாங்கலாமா?

விற்பவர் கடவுச்சொல்லைத் தருவாரா என்று முதலில் கேளுங்கள். அனலாக் கேமராவில் கடவுச்சொல் என்ற ஒன்றே இல்லை, மாட்டினால் ஓடும். ஐபி கேமராவில் அது உள்ளேயே பூட்டியிருக்கும். சில மாதிரிகளில் உடலுக்குள் மீட்டமைக்கும் பொத்தான் உண்டு, பலவற்றில் நிறுவனத்துக்கு எழுதித்தான் திறக்க வேண்டும். மேலும் அது முந்தைய உரிமையாளரின் மொபைல் செயலிக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தால், அவரே அங்கிருந்து நீக்க வேண்டும். நீக்காவிட்டால் உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது, படமும் அவர் பக்கம் போய்க்கொண்டிருக்கக்கூடும். விற்பவரின் கண்ணெதிரிலேயே அவர் செயலியிலிருந்து நீக்கச் செய்து, கேமராவின் பக்கத்தை உலாவியில் திறந்து உள்ளே நுழைந்து பார்த்தபிறகு வாங்குங்கள். அப்படி உள்ளே நுழைந்தால் மாதிரி எண்ணும் அங்கேயே தெரியும். ஸ்டிக்கரோடு அது ஒத்துப்போகிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடலாம்.